நைட் ஷிப்ட் பார்த்தால் தொப்பை விழுவது ஏன்? நள்ளிரவு 2 மணி சாப்பாடு செய்யும் வேலை

சென்னை:

ஊர் தூங்கும் நேரத்தில் வேலை பார்ப்பவர்கள் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அம்பத்தூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் சி ஷிப்ட் பார்க்கும் தொழிலாளர்கள், கோவை, திருப்பூர் மில் தொழிலாளர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், ஏ.டி.எம். காவலாளிகள், ரோந்து போலீசார், லாரி டிரைவர்கள், கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர்கள் என்று பட்டியல் நீளும்.

இவர்களில் பலர் சொல்லும் ஒரு புகார் உண்டு. "வேலைக்கு சேரும்போது ஒல்லியாத்தான் இருந்தேன். நைட் ஷிப்ட் போக ஆரம்பிச்சப்புறம்தான் வயிறு வந்திடுச்சு. நான் ஒண்ணும் அதிகமா சாப்பிடலையே" என்பதுதான் அந்த புகார்.

வீட்டில் உள்ளவர்கள் இதை நம்புவது இல்லை. "கேன்டீன்ல நல்லா வெட்டுறீங்க போல" என்று கிண்டல்தான் கிடைக்கும்.

ஆனால் அந்த புகாரில் உண்மை இருக்கிறது. இரவுப்பணி பற்றி பல நாடுகளில் நடந்த 28 ஆய்வுகளை ஹாங்காங் சீன பல்கலைக்கழக நிபுணர்கள் ஒன்றாக சேர்த்துப் பார்த்து 2018-ம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். இரவுப்பணி பார்ப்பவர்களுக்கு உடல் எடை கூடும் வாய்ப்பு மற்றவர்களை விட 23 சதவீதம் அதிகம் என்பது அதில் தெரியவந்தது. அதிலும் குறிப்பாக வயிற்றுப் பகுதியில் சதை போடுவதுதான் அதிகமாக இருந்தது.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது. நைட் ஷிப்ட்காரர்கள் ஒரு நாளில் சாப்பிடும் மொத்த அளவை கணக்கிட்டுப் பார்த்த பல ஆய்வுகளில், அது பகல் ஷிப்ட்காரர்களை விட பெரிதாக அதிகம் இல்லை. அப்படி என்றால் தொப்பை எங்கிருந்து வருகிறது?

எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதோடு, எத்தனை மணிக்கு சாப்பிடுகிறோம் என்பதும் சேர்ந்துதான் எடையை முடிவு செய்கிறது என்பதே இதற்கு பதில்.

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

மனித உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. இது எப்படி ஓடுகிறது என்பதை கண்டுபிடித்ததற்காக அமெரிக்க விஞ்ஞானிகள் ஜெப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய 3 பேருக்கு 2017-ம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கொடுக்கப்பட்டது.

பெரிய கடிகாரம் மூளையில் இருக்கிறது. அது கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து நேரம் பார்க்கிறது. இது தவிர கல்லீரல், கணையம், குடல், கொழுப்பு ஆகிய ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன கடிகாரங்கள் இருக்கின்றன. இவை வெளிச்சத்தைப் பார்ப்பது இல்லை. சாப்பாடு வரும் நேரத்தை வைத்து தங்கள் நேரத்தை சரி செய்து கொள்கின்றன.

பகலில் வேலை, பகலில் சாப்பாடு, இரவில் தூக்கம் என்று இருப்பவருக்கு எல்லா கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டும். நைட் ஷிப்ட் பார்ப்பவருக்கு அப்படி இல்லை. நள்ளிரவு 2 மணிக்கு மூளைக் கடிகாரம் "ராத்திரி ஆச்சு, கடையை மூடு" என்கிறது. அதே நேரத்தில் தட்டில் சாப்பாடு விழுகிறது. கல்லீரலும் கணையமும் எதைக் கேட்பது என்று தெரியாமல் தடுமாறுகின்றன.

ஒரு வாரம் நைட் போனால் பழகி விடாதா என்று கேட்கலாம். பழகாது. மூளைக் கடிகாரம் ஒரு நாளைக்கு சுமார் 1 மணி நேரம்தான் நகரும். 6 இரவு வேலை பார்த்தாலும் பாதி தூரம்தான் போயிருக்கும். அதற்குள் வார விடுமுறை வந்துவிடும். அடுத்த வாரம் ஏ ஷிப்ட். கடிகாரம் மறுபடியும் திரும்பி வரவேண்டும். போதாக்குறைக்கு, காலையில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும்போது முகத்தில் அடிக்கும் வெயில் "விடிஞ்சிருச்சு" என்று சொல்லி, கொஞ்சம் நகர்ந்த கடிகாரத்தையும் பழைய இடத்துக்கே இழுத்துக் கொண்டு போய் விடுகிறது.

2 மணி சாப்பாடு எங்கே போகிறது?

சாப்பிட்ட சோறும் பரோட்டாவும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கும். அந்த சர்க்கரையை தசைகளுக்குள் அனுப்புவது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். காலையிலும் மதியத்திலும் இது சுறுசுறுப்பாக வேலை செய்யும். இரவு ஏற ஏற மந்தமாகி விடும். தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இரவில் சுரக்கும்போது, அது கணையத்தையும் "மெதுவாப் போ" என்று பிடித்து நிறுத்துகிறது.

இதனால் மதியம் 1 மணிக்கு சாப்பிடும் அதே தட்டு சோற்றை நள்ளிரவு 2 மணிக்கு சாப்பிட்டால், ரத்தத்தில் சர்க்கரை அதிகம் ஏறும். இறங்கவும் கூடுதல் நேரம் பிடிக்கும். எண்ணெயில் இருந்து வரும் கொழுப்பும் ரத்தத்தில் நெடுநேரம் சுற்றிக் கொண்டிருக்கும். இரைப்பையும் இரவில் மெதுவாகத்தான் காலியாகும். நைட் ஷிப்டில் சாப்பிட்டவர்களுக்கு ஏப்பம், நெஞ்செரிச்சல், வயிறு உப்புசம் வருவது இதனால்தான்.

இதை சோதனை செய்தும் பார்த்து விட்டார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் உள்ள பிரிகாம் மகளிர் ஆஸ்பத்திரி நிபுணர்கள் ஆரோக்கியமான 19 பேரை 14 நாட்கள் ஒரு ஆய்வுக்கூடத்தில் தங்க வைத்தனர். எல்லோருக்கும் நைட் ஷிப்ட் போலவே இரவில் விழித்திருக்கும் ஏற்பாடு. ஒரு பிரிவினருக்கு நைட் ஷிப்ட்காரர்கள் போல இரவிலும் சாப்பாடு கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு பகலில் மட்டும் சாப்பாடு.

2021-ம் ஆண்டு முடிவு வெளியானது. இரவில் சாப்பிட்டவர்களுக்கு ரத்த சர்க்கரை சராசரியாக 6.4 சதவீதம் ஏறியிருந்தது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு குறிப்பிடும்படி ஏறவில்லை. இத்தனைக்கும் இரண்டு பிரிவினரும் ஒரே மாதிரிதான் இரவில் கண் விழித்தார்கள். கெடுதல் செய்ததில் பெரிய பங்கு அந்த இரவுச் சாப்பாட்டுக்குத்தான் என்பது இதில் இருந்து தெரிகிறது.

இது சின்ன ஆய்வு. எடை எவ்வளவு கூடியது என்று இதில் பார்க்கவில்லை. ஆனால் அதே ஆஸ்பத்திரியில் 2022-ம் ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு எடை பக்கமும் ஒரு வழி காட்டியது. பருமனான 16 பேருக்கு அதே சாப்பாட்டை சுமார் 4 மணி நேரம் தள்ளிக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு பசி அதிகமானது. உடம்பு எரிக்கும் கலோரி குறைந்தது. கொழுப்பு சேர்த்து வைப்பதற்கான வேலைகள் உடம்பில் கூடின.

தூக்கம் கெட்டால் பசி கூடும்

இன்னொரு காரணம் பகல் தூக்கம். காலை 8 மணிக்குப் படுத்தால் 12 மணிக்கு எழுப்பி விடும் விஷயங்கள் ஏராளம். வெயில், கரன்ட் கட், பக்கத்து வீட்டு மிக்சி, பிள்ளைகள், "கேஸ் சிலிண்டர் வந்திருக்கு" என்று கதவைத் தட்டும் சத்தம். பல பேருக்கு பகலில் 4 அல்லது 5 மணி நேரத்துக்கு மேல் தூக்கம் கிடைப்பது இல்லை.

தூக்கம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை வைத்து சோதித்தார்கள். 2 இரவு தலா 4 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டதில், "போதும்" என்று மூளைக்கு சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்து விட்டது. "பசிக்குது" என்று சொல்லும் கிரெலின் 28 சதவீதம் ஏறி விட்டது. அதுவும் அவர்கள் காய்கறி, பழம் தேடவில்லை. இனிப்பு, உப்பு பண்டம், மாவுப் பண்டம் மீதுதான் ஆசை அதிகமாக இருந்தது. 2004-ம் ஆண்டு இந்த முடிவு வெளியானது.

நைட் ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாப் டீக்கடையில் கை தானாக வடைத் தட்டுக்குப் போவது ஏன் என்பது இப்போது புரியும். அது வாய்க் கொழுப்பு அல்ல. தூக்கம் இல்லாத உடம்பின் வேலை.

பகல் தூக்கத்தில் உடம்பு எரிக்கும் கலோரியும் குறைவு. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 14 பேரை வைத்து நடந்த ஆய்வில், நைட் ஷிப்ட் போல நேரத்தை மாற்றியதும் ஒரு நாளில் அவர்கள் எரிக்கும் கலோரி 50 முதல் 60 வரை குறைந்தது. 2014-ம் ஆண்டு வெளியான ஆய்வு இது. 50 கலோரி என்பது ஒரு இட்லியை விடக் குறைவுதான். ஆனால் தினமும் மிச்சமாகும் இட்லி, வயிற்றில்தான் போய் உட்காரும்.

ஒரு தொழிலாளியின் கணக்கு

இதை ஒரு உதாரணத்தில் பார்த்தால் எளிதாகப் புரியும். உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையில் 34 வயது தொழிலாளி ஒருவர் வேலை பார்க்கிறார் என்று வைத்துக் கொள்வோம். ஒரு வாரம் ஏ ஷிப்ட், அடுத்த வாரம் பி ஷிப்ட், 3-வது வாரம் சி ஷிப்ட். சி ஷிப்ட் என்பது இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை.

சி ஷிப்ட் வாரத்தில் அவருடைய நாள் இப்படிப் போகும். இரவு 8 மணிக்கு வீட்டில் 3 தோசை. 8.45 மணிக்கு கம்பெனி பஸ். 12 மணிக்கு டீயும் பிஸ்கட்டும். 2 மணிக்கு கேன்டீனில் 2 பரோட்டா, சால்னா. 4.30 மணிக்கு தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது இன்னொரு டீ. காலை 6.15 மணிக்கு கேட்டுக்கு வெளியே டீ, 2 வடை. வீட்டுக்கு வந்ததும் 4 இட்லி. 8.30 மணிக்கு தூக்கம். மதியம் 1 மணிக்கு எழுந்து 2 மணிக்கு சாப்பாடு.

அவரிடம் கேட்டால் "மூணு வேளைதாங்க சாப்பிடறேன், ராத்திரி கேன்டீன்ல கொஞ்சம்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. டீயும் பிஸ்கட்டும் வடையும் அவர் கணக்கில் சாப்பாடே இல்லை.

கணக்குப் பார்த்தால் விஷயம் தெரியும். சால்னாவோடு 2 பரோட்டா சுமார் 650 கலோரி. சர்க்கரை போட்ட பால் டீ ஒன்று 80 கலோரி என்றால் 3 டீக்கு 240. வடை 2-க்கு 200 வரை. பிஸ்கட்டுக்கு 100. மொத்தம் சுமார் 1,200 கலோரி. பகல் ஷிப்ட் நாளிலும் அவர் 2 டீ, ஒரு பண்டம் என்று 300 கலோரிக்கு சாப்பிடுவார். அதைக் கழித்தால் 900. சி ஷிப்ட் வாரத்தில் இரவு தோசையும் மதியச் சோறும் கொஞ்சம் குறையும். அதற்கு 600 கலோரியைக் கழித்து விடலாம். மீதி 300. பகல் தூக்கத்தால் எரியாமல் நின்ற 50-ஐ சேர்த்தால் ஒரு நாளைக்கு 350 கலோரி மிச்சம்.

ஒரு வாரத்தில் 6 இரவுக்கு 2,100 கலோரி. 3 வாரத்துக்கு ஒரு முறை சி ஷிப்ட் வந்தால் வருடத்துக்கு 17 வாரம். மொத்தம் 35,700 கலோரி. சுமார் 7,700 கலோரி மிச்சமானால் 1 கிலோ எடை கூடும் என்பது டாக்டர்கள் போடும் பொதுவான கணக்கு. அதன்படி வருடத்துக்கு நாலரை கிலோ.

நடைமுறையில் இவ்வளவு ஏறாது. எடை கூடக் கூட உடம்பு எரிக்கும் கலோரியும் கூடும். பாதி என்று வைத்தாலும் 2 கிலோவுக்கு மேல். முதல் வருடத்தில் பெல்ட் ஒரு ஓட்டை தள்ளிப் போகும். அவ்வளவுதான் தெரியும். 3-வது வருடத்தில் பழைய சட்டை பொத்தான் போடமுடியாது.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1,200 கலோரியில் பாதிக்கு மேல் வந்தது ஒரே இடத்தில் இருந்து. அது 2 மணி கேன்டீன் தட்டு. இன்சுலின் மந்தமாக இருக்கும் நேரத்தில் விழும் தட்டும் அதுவேதான்.

தட்டை எங்கே நகர்த்துவது?

ஷிப்ட் நேரத்தை தொழிலாளி மாற்ற முடியாது. சூப்பர்வைசர் போட்ட லிஸ்ட்தான். ஆனால் சாப்பாட்டு நேரத்தை ஓரளவு மாற்றலாம். இரவு 1 மணி முதல் காலை 6 மணி வரை வயிறு முட்ட சாப்பிடாமல் பார்த்துக் கொள்வதுதான் முக்கியம்.

அதே தொழிலாளியின் நாளை இப்படி மாற்றிப் பார்க்கலாம். இரவு 8 மணிக்கு வீட்டில் 3 தோசைக்குப் பதில் முழுச் சாப்பாடு. சோறு, சாம்பார் அல்லது குழம்பு, ஒரு கூட்டு, ஒரு முட்டை. சி ஷிப்ட் வாரத்தில் இதுதான் பெரிய சாப்பாடு. வயிறு நிறைந்து பஸ் ஏறினால் 2 மணிக்கு பரோட்டா இழுக்காது.

12 அல்லது 12.30 மணி இடைவேளையில் ஒரு கிண்ணம் சுண்டல், அல்லது அவித்த முட்டை 2, அல்லது ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் மோரும். இதை வீட்டில் இருந்தே டப்பாவில் கொண்டு போகலாம். பயறும் முட்டையும் மெதுவாக ஜீரணம் ஆவதால் விடியும் வரை தாங்கும். பிஸ்கட் 1 மணி நேரம்கூட தாங்காது.

அதன் பிறகு காலை வரை தண்ணீர். டீ வேண்டும் என்றால் 2 மணிக்குள் குடித்து விடவேண்டும். சர்க்கரை அரை ஸ்பூன் போதும். டீ, காபியில் உள்ள காபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 4.30 மணிக்குக் குடித்த டீ, 8.30 மணிக்குப் படுக்கும்போதும் கண்ணை மூட விடாது. 4 மணி தூக்கத்துக்கு முகம் கழுவுவதும், 5 நிமிடம் எழுந்து நடப்பதும் டீயை விட நல்லது.

காலை 7 மணிக்கு 3 இட்லி, சாம்பார். வெறும் வயிற்றோடு படுத்தால் 11 மணிக்கே பசி எழுப்பி விடும். வயிறு முட்ட பூரி, பொங்கல் சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்செரிச்சல் எழுப்பி விடும். நடுவில் நிற்க வேண்டும். எழுந்ததும் 2 மணிக்கு வழக்கமான மதியச் சாப்பாடு.

இப்படி மாற்றியதில் பரோட்டாவும், ஒன்றிரண்டு டீயும், வடையும் போய் விட்டன. இரவு சாப்பாடு கொஞ்சம் கூடியது. சுண்டல் புதிதாக வந்தது. கூட்டிக் கழித்தால் அந்த 350 கலோரி பெரும்பாலும் காணாமல் போய்விடும். பட்டினியும் இல்லை.

கேன்டீன் காசு பிரச்சினை

இங்கேதான் பலர் மடக்குவார்கள். "கேன்டீனுக்கு சம்பளத்துல பிடிக்கிறாங்க. சாப்பிடாம விட்டா நமக்குத்தானே நஷ்டம்?" என்பது நியாயமான கேள்வி.

முழுக்க விட வேண்டியது இல்லை. சாப்பாட்டு இடைவேளை 2 பேட்ச்சாக விடும் கம்பெனிகளில் முதல் பேட்ச்சில் போவது நல்லது. 12.30 மணிக்கு சாப்பிடுவதும் 2.30 மணிக்கு சாப்பிடுவதும் ஒன்றல்ல. தட்டில் சோறு அல்லது பரோட்டாவை பாதியாகக் குறைத்து, பொரியல், பருப்பு, முட்டையை கூடுதலாக வாங்கிக் கொள்ளலாம். சால்னா எண்ணெய் மிதக்கும் மேல்பகுதியை விட்டுவிட்டால் அதிலேயே கணிசமாகக் குறையும். நைட் ஷிப்டுக்கு சுண்டல், முட்டை, பழம் போடச் சொல்லி கேன்டீன் கமிட்டியில் கேட்பதும் தொழிலாளர்கள் செய்யக்கூடியதுதான். பரோட்டாவை விட சுண்டல் போடுவது கம்பெனிக்கும் பெரிய செலவு இல்லை.

ஓட்டல் சாப்பாட்டை நம்பி இருக்கும் காவலாளிகளுக்கு நிலைமை இன்னும் கஷ்டம். இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை 12 மணி நேரம் ஒரே நாற்காலியில் இருப்பார்கள். உட்கார்ந்த வேலைக்கு இரவில் பெரிய சாப்பாடு தேவையே இல்லை. 7 மணிக்கு சாப்பிட்டு விட்டு வந்து, 11 மணிக்கு வாழைப்பழமோ கடலையோ சாப்பிட்டால் போதும். அலுப்புக்காகக் குடிக்கும் டீதான் அவர்களுக்கு எதிரி. ஒரு இரவில் 5 டீ என்றால் 400 கலோரி. அது ஒரு வேளை டிபன்.

மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்களுக்கு இந்த யோசனை அப்படியே பொருந்தாது. விடிய விடிய பாரம் சுமப்பவர் வெறும் வயிற்றோடு இருந்தால் மயக்கம் வரும். அவர்கள் இரவில் சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் ஒரே தடவையாக வயிறு முட்ட சாப்பிடாமல், கஞ்சி, இட்லி, முட்டை என்று 2 தடவையாகப் பிரித்து சாப்பிடுவது நல்லது.

சர்க்கரை நோயாளிகள் கவனம்

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் ஊசி போடுபவர்களும், மாத்திரை சாப்பிடுபவர்களும் இதைப் படித்து விட்டு தாங்களாகவே இரவுச் சாப்பாட்டை நிறுத்தி விடக்கூடாது. மருந்து உள்ளே இருக்கும்போது சாப்பாட்டை விட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கும். வியர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டுவது ஆகியவை அதன் அறிகுறி. மெஷின் பக்கத்தில் நிற்கும்போது இது வந்தால் கையே போய்விடும். அறிகுறி தெரிந்தால் உடனே 3 ஸ்பூன் சர்க்கரையோ, குளுக்கோசோ சாப்பிட வேண்டும்.

எந்த வாரம் எந்த ஷிப்ட் என்பதை டாக்டரிடம் எழுதிக் கொடுத்து, மாத்திரை நேரத்தையும் அளவையும் ஷிப்டுக்குத் தகுந்தபடி மாற்றிக் கேட்டு வாங்க வேண்டும். பலர் "நைட் ஷிப்ட் பார்க்கிறேன்" என்பதையே டாக்டரிடம் சொல்வது இல்லை.

டேப் வைத்துப் பாருங்கள்

எடை கூடுவதை பேன்ட் அளவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தொப்பை வர வர ஆண்கள் பேன்ட்டை தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடுவார்கள். வயிறு எவ்வளவு வந்தாலும் "இன்னும் 34 சைஸ்தான்" என்று நினைத்துக் கொண்டிருப்பார்கள்.

தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை சாதாரணமாக விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் வந்து விட்டால் எச்சரிக்கை. இது இந்தியர்களுக்கான அளவு. நம்மவர்களுக்கு குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதால், மேல்நாட்டுக்காரர்களை விட இது குறைவாக வைக்கப்பட்டுள்ளது. எடையும் அப்படித்தான். 168 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு 65 கிலோவைத் தாண்டினால் கூடுதல் எடை, 70 கிலோவைத் தாண்டினால் உடல் பருமன் என்பது இந்தியக் கணக்கு.

மாதம் ஒரு முறை, அதே நாளில், அளந்து காலண்டரில் எழுதி வைக்க வேண்டும். 3 மாதத்தில் 2 சென்டிமீட்டர் ஏறியிருந்தால் இரவுத் தட்டில் கை வைக்க வேண்டிய நேரம் வந்து விட்டது என்று அர்த்தம். படுத்ததும் பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, எவ்வளவு தூங்கினாலும் அசதி ஆகியவை இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். கழுத்திலும் சதை போட்டு மூச்சுப் பாதையை அடைப்பதாலும் இது வரலாம்.

ரத்தப் பரிசோதனையில் நைட் ஷிப்ட்காரர்கள் செய்யும் ஒரு தவறு உண்டு. ஷிப்ட் முடிந்ததும் காலை 7 மணிக்கு லேபுக்குப் போய் "வெறும் வயிற்றில் சர்க்கரை" டெஸ்ட் எடுப்பார்கள். காலை டிபன் சாப்பிடவில்லை என்பதால் அது வெறும் வயிறு ஆகாது. 2 மணிக்கு பரோட்டாவும் 4.30 மணிக்கு டீயும் உள்ளே போயிருக்கிறது. இந்த டெஸ்டுக்கு குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. இல்லாத சர்க்கரை நோய் இருப்பது போலக் காட்டி பயமுறுத்தி விடும்.

வார விடுமுறையில் இரவு வீட்டில் தூங்கி எழுந்த காலையில் இந்த டெஸ்டை எடுப்பதுதான் சரி. அதற்கும் நேரம் இல்லை என்றால், கடந்த 2, 3 மாத சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி டெஸ்ட் எடுக்கலாம். அதற்கு வெறும் வயிறு தேவை இல்லை. எந்த ஷிப்ட் முடிந்து வந்தும் எடுக்கலாம்.